"சரி சேர், வாறேன்" என்று சொன்ன பிறகு மறுப்பது எப்படி?

கேள்வி: அன்புள்ள அக்கா, நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷன் வேலைக்குத் தெரிவாகி, கடிதமும் வந்துவிட்டது. மார்ச் 15ஆம் திகதி சேர வேண்டும். முகாமையாளர் சேர் போனில் கேட்டபோது "சரி சேர், வாறேன்" என்று சொல்லிவிட்டேன். கடிதத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. நேற்று கண்டியில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் முன்பதிவுப் பிரிவிலிருந்தும் கடிதம் வந்தது. அங்கே ஞாயிறு லீவு, என் வெளிவாரிப் பட்டப்படிப்பு வகுப்புக்குப் போகலாம். கண்டிக்குப் போகத்தான் முடிவெடுத்திருக்கிறேன். ஆனால் ஹோட்டல் வேலைக்குச் சொல்லிவிட்டது, அங்கே கிச்சனில் 11 வருடமாக இருக்கும் என் மாமா. முகாமையாளர் சேரும் என்னை மரியாதையாக நடத்தினார். அவர் மனம் நோகாமல் எப்படி எழுதுவது? ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடு, அவர்களே விளங்கிக்கொள்வார்கள் என்கிறாள் ஒரு தோழி.
— வாசகி, தலவாக்கலை

பதில்: அன்புள்ள தங்கச்சி,

தோழி சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் சரிப்படுத்தலாம்.

நான் 14 வருடம் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் ஹோட்டல்களின் மனிதவளப் பிரிவில் இருந்தவள். "வரவில்லை" என்று சொன்ன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் யார் மீதும் எனக்கு மனக்கசப்பு இல்லை. மனதில் நிற்பது ஒரேயொரு தம்பிதான். ஏப்ரல் 1ஆம் திகதி சேர வேண்டியவர். அன்று காலை வரவில்லை. போன் ஓஃப். மூன்று நாள் கழித்துத்தான் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார் என்று இன்னொருவர் மூலம் தெரிந்தது. அந்தச் சீசன் முழுக்க இரவு டியூட்டிக்கு ஆள் இல்லாமல், ஏற்கெனவே பகலில் நின்ற பிள்ளையையே திரும்ப இரவிலும் நிற்க வைத்தோம். அவர் வராததைவிட, அந்தப் பிள்ளையின் முகம்தான் எனக்கு இன்னும் ஞாபகம்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. மேசைக்கு அந்தப் பக்கம் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால், என்ன எழுதுவது என்பது பாதி தானாகவே வந்துவிடும்.

நுவரெலியாவில் மார்ச் மாதத்தில் ஒரு ஹோட்டல் ஆள் எடுக்கிறது என்றால் அது ஏப்ரல் சீசனுக்காக. 15ஆம் திகதி உங்களைச் சேரச் சொன்னதற்குக் காரணம், இரண்டு கிழமை பழக்கிவிட்டால் சீசன் கூட்டம் வரும்போது தனியாக நிற்பீர்கள் என்பது. நேர்முகப் பரீட்சை முடிந்தவுடன் முகாமையாளர் பெரும்பாலும் இரண்டு பெயரைக் குறித்து வைத்திருப்பார். முதல் பெயர் உங்களுடையது. இரண்டாவது பிள்ளையிடம் "அறிவிக்கிறோம்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பிள்ளையும் உங்களைப் போலவே வேலை தேடுகிற பிள்ளைதான், நாலைந்து இடத்துக்கு விண்ணப்பித்திருக்கும். இன்றைக்கு அழைத்தால் வரும். பத்து நாள் கழித்து அழைத்தால் வேறெங்கேயோ சேர்ந்திருக்கும். அதனால், நீங்கள் வரமாட்டீர்கள் என்பதால் அவருக்கு வரும் நஷ்டம் சின்னது. அது தாமதமாகத் தெரிவதால் வரும் நஷ்டம்தான் பெரியது. நீங்கள் எழுதப்போகும் செய்தியில் எவ்வளவு இனிமை இருக்கிறது என்பதைவிட, அது எந்தத் திகதியில் போகிறது என்பதைத்தான் அவர் ஞாபகம் வைத்திருப்பார்.

ஆனால் அவசரத்தில் ஒரு படியைத் தாண்டிவிடக்கூடாது. கண்டிக் கடிதத்தை இன்று இரவு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். சம்பளத் தொகை, சேரும் திகதி, பயிற்சிக் காலம், ஞாயிறு லீவு ஆகியவை எழுத்தில் இருக்கின்றனவா? ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் அவர்கள் பக்கத்திலிருந்து 12 வீதமும் போக வேண்டும். அதைப் பற்றிய வரி இருக்கிறதா? ஞாயிறு லீவு என்பது வாயால் மட்டும் சொன்னதாக இருந்தால், ஒரு ஈமெயில் போட்டு எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் நீங்கள் போவதே அதற்காகத்தான். இன்னொன்றையும் பாருங்கள். ஹோட்டலில் அடிப்படைச் சம்பளம் குறைவாகத் தெரியும். ஆனால் விருந்தினரின் பில்லில் சேர்க்கும் 10 வீத சேர்விஸ் சார்ஜைப் பணியாளருக்குப் பங்கு போடும் இடங்களில், சீசன் மாதத்தில் கைக்கு வரும் தொகை வேறு. அதையும் கணக்கில் எடுத்த பிறகும் கண்டிதான் என்றால், கண்டிக் கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்பி, கிடைத்தது என்று அவர்களிடமிருந்து பதில் வாங்குங்கள். அதன் பிறகுதான் நுவரெலியாவுக்கு "இல்லை". இதற்கு ஒரு நாள் போதும். ஒரு கிழமை எடுக்காதீர்கள்.

அடுத்தது, எழுதுவதா கதைப்பதா? நீங்கள் எழுதுவதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் வாயால் "சரி" என்று சொன்னவர். வாயால் கொடுத்த வார்த்தையை வட்ஸ்அப்பில் திரும்ப எடுத்தால், அவருக்கு முகம் கொடுக்கத் தயங்கியதாகத்தான் படும். முதலில் கோல். கோல் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் எழுத்தில் செய்தி. கோல் மரியாதைக்கு. எழுத்து, அவர் பொது முகாமையாளரிடமும் மனிதவளப் பிரிவிலும் காட்டி இரண்டாவது பிள்ளையை அழைப்பதற்கு.

நேரத்தையும் பார்த்து எடுங்கள். காலையில் விருந்தினர் அறையைக் காலி செய்யும் நெரிசல் பகல் 12 மணியோடு ஓயும், அடுத்தவர்கள் 2 மணியிலிருந்து வரத் தொடங்குவார்கள். இடையில் இருக்கும் நேரம் நல்லது. சனி, ஞாயிறு, போயா லீவு சேர்ந்து வரும் நாட்கள் வேண்டாம். "சேர், ஐந்து நிமிடம் கதைக்க வேண்டும், எப்போது எடுக்கலாம்?" என்று முதலில் ஒரு வரி அனுப்புங்கள். லயன் பக்கத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும் என்றால், றோட்டுக்கு ஏறி நின்று எடுங்கள். "வரவில்லை" என்ற சொல் வெட்டுப்பட்டு அவர் "என்ன, என்ன?" என்று கேட்டால் உங்களுக்குத் தைரியம் போய்விடும். இரண்டு முறை எடுத்தும் அவர் தூக்கவில்லை என்றால் அன்றே எழுத்துச் செய்தியை அனுப்பிவிடுங்கள். அவரைப் பிடிக்க முடியவில்லை என்பதற்காக அடுத்த நாள் வரை வைத்திருக்க வேண்டாம்.

கோலில் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும் இடம் முதல் வசனம். நம் பேச்சில் மறுப்பை மென்மையாக்கும் வழிகள் நிறைய உண்டு. "வர ஏலாமல் இருக்கு சேர்", "வீட்டில் கொஞ்சம் பிரச்சினை சேர்", "யோசிச்சுச் சொல்றேன் சேர்". சொல்கிறவருக்கு இவை மரியாதையாகத் தெரியும். கேட்கிற முகாமையாளருக்கு, இன்னும் முடிவாகவில்லை என்றுதான் விளங்கும். ஒன்று, சம்பளம் கூட்டிக் கேட்கிறாள் என்று நினைப்பார். இல்லையென்றால் பிரச்சினையைத் தீர்த்துவைக்க முயற்சிப்பார். "என்ன பிரச்சினை, நான் வீட்டில் கதைக்கவா?" என்று கேட்பார். நல்ல மனிதர் என்றால் நிச்சயம் கேட்பார். அப்போது நீங்கள் இரண்டாம் முறை மறுக்க வேண்டி வரும், அது முதல் முறையைவிடக் கஷ்டம். அதனால் முடிவை முடிவாகவே சொல்லுங்கள்:

"சேர், உங்கள் வேலைக்கு வருவேன் என்று உங்களிடம் சொன்னேன். இப்போது வேறு ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். உங்கள் இடத்தில் சேரவில்லை. அதை நானே உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் எடுத்தேன். சொன்ன வார்த்தையை மாற்றியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்."

மன்னிப்பு எதற்குக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். கண்டியைத் தெரிவு செய்ததற்கு அல்ல. அது உங்கள் உரிமை, அதற்கு மன்னிப்புக் கேட்டால் ஏதோ தவறு செய்தவர் போல ஆகிவிடுவீர்கள். "வாறேன்" என்று சொன்னதை மாற்றியதற்குத்தான் மன்னிப்பு. ஒரு முறை கேட்டால் போதும். ஐந்து முறை கேட்டால், உங்களைத் தேற்றுகிற வேலையும் அவர் தலையில் விழும்.

காரணம் என்ன சொல்வது? இங்கேதான் பலர் பொய்யை எடுக்கிறார்கள். அம்மாவுக்குச் சுகமில்லை, அப்பா தூரத்துக்கு விட மாட்டார் என்று. உங்கள் விஷயத்தில் அது ஒரு கிழமைகூடத் தாங்காது. மாமா அதே ஹோட்டலில் கிச்சனில் இருக்கிறார். "அக்காவுக்கு இப்போ எப்படி?" என்று முகாமையாளர் அக்கறையோடு கேட்டால், மாமா விழிப்பார். பொய் சொன்னது நீங்கள், தலைகுனிவது அவர்.

பொய் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். கண்டியில் நீங்கள் போவது ஒரு சுற்றுலா நிறுவனத்தின் முன்பதிவுப் பிரிவுக்கு. அந்த மேசையில் இருப்பவரின் அன்றாட வேலை என்ன? கண்டி, நுவரெலியா, எல்ல என்று வருகிற பயணிகளுக்கு ஹோட்டல்களை அழைத்து அறை கேட்பது. ஏப்ரலில் நுவரெலியாவில் அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதத்துக்குள், இதே முகாமையாளரின் ரிசெப்ஷனுக்கு அழைத்து, "இரண்டு அறை தர முடியுமா?" என்று கேட்கும் நாள் வரக்கூடும். வேலை கொடுக்கும் ஒருவராக மட்டும் அவரை நினைக்காதீர்கள். இனி உங்கள் தொழிலில் அவர் மறுமுனையில் இருப்பவர். அதனால் எந்தத் துறைக்குப் போகிறீர்கள் என்பதை ஒளிக்காமல் இப்போதே சொல்வதுதான் நல்லது. வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதும், உங்கள் வாயால் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல. நிறுவனத்தின் பெயரை நீங்களாகச் சொல்லத் தேவையில்லை. கேட்டால் சொல்லுங்கள். அதற்குள் நீங்கள் அங்கே கையெழுத்து வைத்திருப்பீர்கள் என்பதால் பயமில்லை.

உங்களிடம் இருக்கும் உண்மையான காரணமே மிக நல்ல காரணம்: ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. மறுப்புக்குச் சொல்லும் காரணம் உண்மையாக இருக்க வேண்டும். ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இடத்தைக் குறை சொல்வதாக இருக்கக்கூடாது. ஞாயிறு வகுப்பு இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது. ஹோட்டலில் ஞாயிறு நிரந்தர லீவு கிடைக்காது என்பது அவர்களின் குறை அல்ல, தொழிலின் இயல்பு. அதற்கு மேல் இரண்டாவது, மூன்றாவது காரணங்களைச் சேர்க்காதீர்கள். "சம்பளமும் கொஞ்சம் கூட, தங்குமிடமும் வசதி" என்று அடுக்கினால் முதல் காரணம் சாட்டுப் போலத் தெரியும். சம்பளத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள், அவர் கூட்டிக் கொடுத்தால் அங்கேயே சேரத் தயாராக இருந்தால் ஒழிய. நீங்கள் அப்படி இல்லை.

இனி எழுத்துச் செய்தி. அவர் உங்களோடு தமிழில் கதைத்தவர் என்று உங்கள் கடிதத்தின் தொனியில் தெரிகிறது. அதனால் அவருக்குத் தமிழிலேயே வட்ஸ்அப்பில் அனுப்பலாம். அவர் சிங்களத்தில் கதைத்தவராக இருந்தால் சிங்களத்தில் எழுதுங்கள். யாருக்கும் தனக்குப் பழக்கமான மொழியில் வருகிற "இல்லை" கொஞ்சம் இலகுவாக இறங்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

> வணக்கம் சேர்,
>
> இப்போது போனில் சொன்னதை எழுத்திலும் தருகிறேன். வரவேற்புப் பிரிவு வேலைக்கு என்னைத் தெரிவு செய்ததற்கு மிகவும் நன்றி. அந்த வேலையில் சேர்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். 15ஆம் திகதி வருவதாகச் சொன்ன என் வார்த்தையை மாற்ற நேர்ந்ததற்கு மன்னிக்கவும்.
>
> ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியில் என் பட்டப்படிப்பு வகுப்பு இருக்கிறது. அதைத் தொடரக்கூடிய விதமாகக் கண்டியிலேயே ஒரு சுற்றுலா நிறுவனத்தின் முன்பதிவுப் பிரிவில் சேர்கிறேன்.
>
> நேர்முகப் பரீட்சை அன்று, கோபமாக வரும் விருந்தினரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் நேரம் எடுத்து விளங்கப்படுத்தினீர்கள். அது எனக்கு இந்த வேலையிலும் உதவும்.
>
> இந்த முடிவு மாமாவுக்கு இதுவரை தெரியாது. அவரிடம் நானே இன்று சொல்கிறேன். சீசனுக்கு முன் வேறு ஒருவரைத் தெரிவு செய்ய உங்களுக்கு நேரம் கிடைக்க வேண்டும் என்றுதான் உடனே அறிவிக்கிறேன்.
>
> நன்றி சேர்.

இவ்வளவு போதும். கைபேசித் திரையில் ஒரு முறை விரலால் தள்ளினால் முடிந்துவிட வேண்டும். இதை அப்படியே பிரதி பண்ணாதீர்கள். குறிப்பாக மூன்றாவது பந்தியில் நான் கற்பனையாகப் போட்டிருக்கும் விஷயத்தை எடுத்துவிட்டு, அன்று உண்மையில் அவர் செய்த ஒன்றை எழுதுங்கள். "மரியாதையாக நடத்தினார்" என்று எனக்கு எழுதியிருக்கிறீர்களே, எதை நினைத்து எழுதினீர்கள்? தேநீர் கொடுத்து உட்காரச் சொன்னாரா? ஆங்கிலத்தில் தடுமாறியபோது அவசரப்படுத்தாமல் காத்திருந்தாரா? அது எதுவோ, அதுதான் அந்தப் பந்தி. பொதுவான நன்றி எல்லா மறுப்புக் கடிதத்திலும் இருக்கும், வாசிக்கிறவர் கண் அதில் நிற்காது. தான் செய்த ஒரு சின்ன விஷயத்தை ஒரு பிள்ளை கவனித்திருக்கிறாள் என்பதை யாரும் மறக்க மாட்டார்கள். எனக்கு அப்படி வந்த ஒரு செய்தியின் சொந்தக்காரியை, மூன்று வருடம் கழித்து வேறொரு ஹோட்டலில் நானே அழைத்து வேலைக்கு எடுத்தேன்.

"எதிர்காலத்தில் வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் வருவேன்" என்ற வரியை நான் வேண்டுமென்றே போடவில்லை. உண்மையிலேயே திரும்பி வர நினைப்பவர்கள் எழுதலாம். நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை வருவதாகச் சொல்லி மாற்றியவர். அதே செய்தியில் இன்னொரு வாக்குறுதி அவர் காதில் நன்றாக ஒலிக்காது.

ஹோட்டலின் கடிதம் ஈமெயிலில் ஆங்கிலத்தில் வந்திருந்தால், அதே ஈமெயிலுக்குப் பதிலாக மனிதவளப் பிரிவுக்கும் மூன்று வசனம் ஆங்கிலத்தில் அனுப்புங்கள்: கடிதத்துக்கு நன்றி, வேலையை ஏற்கவில்லை, முகாமையாளருக்குத் தனியாக அறிவித்திருக்கிறேன். புதிய ஈமெயிலாகப் போடாமல் பழையதிலேயே பதில் போட்டால், உங்கள் கோப்போடு சேர்ந்து இருக்கும். காரணத்தை அங்கே எழுதத் தேவையில்லை.

கோலில் அவர் சொல்லக்கூடிய இரண்டு விஷயங்களுக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். ஒன்று: "ஞாயிறு லீவு நான் தாறேன், வாங்க." நல்லெண்ணத்தில் சொல்வார். ஆனால் ஹோட்டலில் கிழமை லீவு ரோஸ்டர்படி சுழலும். ஞாயிறு காலையில்தான் வார இறுதி விருந்தினர் கிளம்புவார்கள், ரிசெப்ஷனில் அதிக ஆள் தேவைப்படும் நேரம் அது. ஒருவருக்கு மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் கொடுத்தால், கூட இருப்பவர்கள் இரண்டாம் கிழமையே முணுமுணுப்பார்கள். சீசனில் அதைக் காப்பாற்ற அவராலேயே முடியாது. அந்த நேரத்தில் இதையெல்லாம் அவரிடம் விவாதிக்காதீர்கள். "நீங்கள் அப்படிச் சொன்னதே எனக்குப் பெரிய விஷயம் சேர். ஆனால் கண்டியில் கையெழுத்து வைத்துவிட்டேன், இன்னொரு இடத்திலும் வார்த்தையை மாற்ற விரும்பவில்லை" என்று சொல்லுங்கள். அது உண்மை, அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

இரண்டாவது, அவர் கோபப்படலாம். "அப்போ ஏன் சரின்னு சொன்னீங்க?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. "சொன்ன நேரத்தில் வர வேண்டும் என்றுதான் இருந்தேன் சேர். கண்டிக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. உங்களுக்குக் கஷ்டம் கொடுத்துவிட்டேன்." அவ்வளவுதான். அழவோ, இன்னும் விளக்கவோ வேண்டாம். அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருங்கள். அன்றைக்குக் கோபப்பட்டாலும், இரண்டாவது பிள்ளை வந்து சேர்ந்த அன்று அந்தக் கோபம் பெரும்பாலும் அடங்கிவிடும். எழுத்துச் செய்தியை அப்போதும் அதே வார்த்தைகளில் அனுப்புங்கள்.

மாமாவைப் பற்றி. இதில் வரிசை முக்கியம். மாமாவிடம் முதலில் சொன்னால், அவர் மரியாதைக்காக உங்களுக்கு முன்பே போய் முகாமையாளரிடம் சொல்லிவிடுவார், அல்லது உங்களை மனம் மாற்றப் பார்ப்பார். கடைசியில் சொன்னால், முகாமையாளர் கிச்சன் பக்கம் வந்து "உங்க மருமகள் வரலையாமே" என்று கேட்கும்போது அவர் ஒன்றும் தெரியாமல் நிற்பார். 11 வருடம் அங்கே உழைத்து வாங்கிய பெயரை உங்களுக்காக ஒரு முறை பயன்படுத்தியிருக்கிறார். அதனால் முகாமையாளரிடம் கதைத்து முடித்த கையோடு, அடுத்த கோல் மாமாவுக்கு. கிச்சனில் வேலை நேரம் என்றால், "மாமா, சேரோடு இப்போதுதான் கதைத்தேன். கண்டி வேலைக்குப் போகிறேன். உங்களுக்கு இது முன்பே தெரியாது என்றும் சேரிடம் சொல்லிவிட்டேன். இரவு வீட்டுக்கு வந்து விபரமாகச் சொல்றேன்" என்று ஒரு குரல் செய்தி போடுங்கள். பிறகு உண்மையிலேயே வீட்டுக்குப் போங்கள். மாமாவிடம் சொல்லி, முகாமையாளருக்குச் சொல்லச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. செய்தியில் மாமாவைப் பற்றி ஒரு வரி வைத்ததும் இதற்காகத்தான். அந்த வரி உங்களுக்காக அல்ல, அவருக்காக.

உங்களுக்குப் பதிலாக ஒருவரைச் சொல்லலாமா என்று யோசிப்பீர்கள். அவர் கேட்டால் மட்டும், அதுவும் அந்தப் பிள்ளையிடம் முன்பே சம்மதம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேட்காமல் பெயர் கொடுத்து, அந்தப் பிள்ளையும் வரவில்லை என்றால் இரண்டு மறுப்பும் உங்கள் கணக்கில் சேரும்.

நற்சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் போன்றவற்றின் மூலப்பிரதி எதையாவது ஹோட்டலில் கொடுத்திருந்தால், அதை மறுப்புச் செய்தியிலேயே கேட்காதீர்கள். நாலைந்து நாள் கழித்து மனிதவளப் பிரிவிடம் தனியாகக் கேளுங்கள், நீங்களே போய் எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். போகிற அன்று முகாமையாளர் இருந்தால் ஒரு நிமிடம் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். ஒளிந்து போக வேண்டாம்.

நான் சொன்னதெல்லாம் நீங்கள் ஹோட்டல் கடிதத்தில் கையெழுத்து வைக்கவில்லை என்பதால் பொருந்துகிறது. கையெழுத்து வைத்து அனுப்பியிருந்தால் விஷயம் வேறு. சேர்வதற்கு முன் விலகுவதைப் பற்றியோ முன்னறிவித்தல் காலத்தைப் பற்றியோ கடிதத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அதன்படிதான் எழுத வேண்டும். அதனால் இன்றைக்கு ஒரு முறை ஈமெயிலைத் திறந்து, தவறியும் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று பதில் போடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கண்டியில் சேர்ந்த பிறகு, அந்த ஹோட்டலுக்கு முதன்முதலாக அறை கேட்டு அழைக்கும் வேலை உங்களுக்கு வந்தால், பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லியே அழையுங்கள். உங்கள் இடத்துக்கு வந்த பிள்ளைதான் போனைத் தூக்கவும் கூடும். முகாமையாளர் இருக்கிறாரா என்று கேட்டு, ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அறையைக் கேளுங்கள்.